பொள்ளாச்சிக்கு வந்த போர்த்துகீசிய வாழ்த்து



மொழிபெயர்ப்பு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். காவியங்களையும் நாவல்களையும் பற்றிப் பேசத் தகுதியானவர்கள் இந்த மேடைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒன்பது பத்து வரிகள் கொண்ட ஒரு பிறந்தநாள் வாழ்த்தை. பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு பெண் தன் தோழிக்குப் போர்த்துகீசிய மொழியில் எழுதியது. அந்தத் தோழி பொள்ளாச்சிக்காரர், எனக்கும் தோழி. இருவரும் லிஸ்பனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். என் தோழிக்குப் போர்த்துகீசியம் நன்றாகவே தெரியும். அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. “அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். அவ தமிழ்ப் பொண்ணா இருந்திருந்தா எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படி வேணும்” என்று கேட்டார். வாழ்த்தை இந்த அவையில் படிக்க இருவரும் இசைந்திருக்கிறார்கள்.

முதலில் அந்த வாழ்த்தில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைக்கிறேன். இதை யாரும் மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; மூலத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று காட்டும் பட்டியல் மட்டுமே.

“வாழ்த்துகள், என் அழகியே! இன்று உன்னுடைய நாள். கடவுள் உன்னை எப்போதும் ஆசீர்வதிக்கட்டும்; உனக்கு நிறைய ஆரோக்கியமும் நிறைய அமைதியும் தரட்டும். நீ தோழியைவிட மேலானவள்; நான் தேர்ந்தெடுத்த சகோதரி. உன்மீதும், நம் குட்டிக் காப்பிகள் மீதும், உன் சிரிப்புகள் மீதும் எனக்கு மிகுந்த ஏக்கமாக இருக்கிறது. உன் நாளை நன்றாக அனுபவி, பார்த்தாயா, சின்னப் பூவே? உன்னை அளவுக்கு மீறிக் காதலிக்கிறேன். ஆயிரம் குட்டி முத்தங்கள், மிக இறுக்கமான ஓர் அணைப்பு.”

ஒரு சொல்லுக்கும் பொருள் தவறவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் இன்னொரு பெண்ணுக்கு இப்படி எழுத மாட்டாள். தொடக்கம் சினிமாப் பாட்டு, நடுவில் ஜெபக்கூட்டம், முடிவில் காதல் கடிதம். மூலமோ பிரேசிலில் மிகச் சாதாரணமான வாழ்த்து. அலுவலகத் தோழிகளும் அக்கா தங்கைகளும் அன்றாடம் அனுப்பிக்கொள்வது. மூலத்தில் சாதாரணமாக இருப்பது தமிழிலும் சாதாரணமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட கட்டுப்பாடு.

போர்த்துகீசிய மொழி அன்பைப் பெயர்ச்சொல்லின் வாலில் கட்டுகிறது. ‘இஞு’, பெண்பாலில் ‘இஞா’ என்று ஒரு விகுதி உண்டு. சில சொற்களில் அது ‘ஸிஞு’, ‘ஸிஞா’ ஆகும். இலக்கணப் புத்தகம் இதைச் சிறுமை விகுதி என்று சொல்லும். ‘ஃப்ளோர்’ என்றால் பூ, ‘ஃப்ளோர்ஸிஞா’ சின்னப் பூ. ‘பெய்ஜு’ முத்தம், ‘பெய்ஜீஞு’ சின்ன முத்தம். ‘கஃபே’ காப்பி, ‘கஃபெஸீஞு’ சின்னக் காப்பி. ஆனால் பேச்சில் இது அளவைக் குறிப்பது பாதி நேரம்தான். ‘அகோரா’ என்றால் இப்போது. ‘அகோரிஞா’ என்றால் இதோ இப்பவே. காலத்துக்கு ஏது சிறிசும் பெரிசும்? அந்த விகுதி பேசுகிறவரின் குரலைக் கொஞ்சம் குழைவாக்குகிறது, அவ்வளவுதான்.

தமிழில் அந்தக் குழைவுக்குப் பெயர்ச்சொல்லில் இடம் குறைவு. ‘குட்டி’ சேர்க்கலாம், ‘சின்ன’ சேர்க்கலாம். சேர்த்தால் அளவுதான் முதலில் தெரியும். தமிழ் அன்பை வேறு இடங்களில் வைத்திருக்கிறது. விளிக்கும் சொல்லில் வைத்திருக்கிறது: கண்ணு, தங்கம், சாமி, ராசாத்தி. வினைமுற்றுக்குப் பின்னால் ஒட்டும் டி, டா, மா, பா போன்றவற்றில் வைத்திருக்கிறது. உறவுப் பெயரில் வைத்திருக்கிறது. ‘இருக்கணும்’ என்ற முடிவில் வைத்திருக்கிறது. ஆகவே இந்த வாழ்த்தைத் தமிழாக்குவது என்றால், பெயர்ச்சொற்களில் தொங்கிக்கொண்டிருக்கும் அன்பை அவிழ்த்து, தமிழ் வாக்கியத்தில் அது வழக்கமாக உட்காரும் இடங்களில் உட்கார வைப்பதுதான் வேலை.

விளியிலிருந்து தொடங்குகிறேன். மூலத்தில் இரண்டு விளிகள்: ‘மீஞா லிந்தா’, அதாவது என் அழகி, பிறகு ‘ஃப்ளோர்ஸிஞா’. பிரேசில் பெண்கள் தோழியை ‘லிந்தா’ என்று அழைக்கும்போது முக அழகைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் ஊரில் ‘தங்கம்’ என்று கூப்பிடும்போது நகையை யாரும் நினைப்பதில்லை அல்லவா, அது போலத்தான். ‘என்’ என்பதையும் விட்டுவிடலாம். ‘என் அழகியே’, ‘என் அன்பே’ என்று உடைமைச் சொல்லோடு விளிப்பது தமிழில் பாட்டுக்கும் காதலுக்கும் போய்விட்டது. பொள்ளாச்சிப் பக்கம் இயல்பாக வாயில் வருவது ‘கண்ணு’. அம்மா பிள்ளையைக் கூப்பிடுவாள், கடைக்காரர் வாடிக்கையாளரைக் கூப்பிடுவார், தோழி தோழியைக் கூப்பிடுவாள். போர்ச்சுக்கலில் சந்தைக்குப் போனால் காய்கறி விற்கும் அம்மா முன்பின் தெரியாத பெண்ணை ‘ஃபில்யா’, மகளே, என்று அழைப்பார். இந்தப் பழக்கம் நமக்கு அந்நியமே இல்லை.

கொங்கு நாட்டுக்கே உரிய ‘அம்மிணி’யைப் போடலாமா என்றும் யோசித்தேன். மிக அழகான சொல். ஆனால் அதைப் போட்டால் எழுதியவர் ஆனைமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர் ஆகிவிடுவார். தமிழ் பேசத் தெரிந்த பிரேசில் பெண் என்ற கற்பனையைத்தான் என் தோழி கேட்டார். வட்டார வேடம் கேட்கவில்லை. அதனால் பொதுவான பேச்சுத்தமிழ், அதில் கேட்பவரின் ஊரை லேசாகத் தொடும் ஓரிரு சொற்கள் என்று நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது ‘இர்மாங்’, சகோதரி. போர்த்துகீசியத்தில் ஒரே சொல். தமிழில் அக்காவா தங்கச்சியா என்று சொல்லியாக வேண்டும். என் தோழி நான்கு வயது மூத்தவர். ஆகவே அக்கா. அக்கா என்று போட்டவுடன் மற்ற எல்லாமே மாறத் தொடங்குகின்றன. அக்காவுக்கு ‘டி’ கிடையாது. பல வீடுகளில் அக்காவை ‘நீங்க’ என்றுதான் சொல்வார்கள். ‘கண்ணு’ என்று தங்கை அக்காவைக் கொஞ்ச முடியாது. வாழ்த்துவதுகூட மூத்தவர் இளையவருக்குச் செய்வது என்பது நம் பழக்கம். ஒரு உறவுச் சொல்லைச் சரியாகப் போட்டதால் முழு வாழ்த்தும் மரியாதைக் கடிதமாகிவிடும். பிரேசில் பெண் எழுதியதில் அந்த ஏற்றத்தாழ்வு துளியும் இல்லை. அவர் பயன்படுத்திய ‘வொசே’ அங்கே பெரும்பாலானவர்களுக்குப் பொதுவானது. நம் ‘நீ’யாகவும் இருக்கலாம், ‘நீங்க’வாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் அகராதி உதவாது. இருவரும் எப்படிப் பழகினார்கள் என்பதுதான் உதவும். தோழியையே கேட்டேன். “அவ என்னை அக்கான்னு கூப்பிட்டா அது அவளே இல்லை” என்றார். அந்தப் பதிலில் எல்லாம் முடிவாகிவிட்டது: நீ, டி, கண்ணு. சகோதரிக்கு வயது காட்டாத ஒரு சொல் தேவைப்பட்டது. தமிழில் இருக்கிறது, கூடப்பிறப்பு. மூத்ததா இளையதா என்று அது கேட்பதில்லை. “நான் தேர்ந்தெடுத்த” என்பதை “நானாப் பாத்துச் சேத்துக்கிட்ட” என்று வைத்தேன். ‘தேர்ந்தெடுத்தல்’ பேச்சில் வந்தால் தேர்தல் வாடையோ பரிசுப் போட்டி வாடையோ அடிக்கும்.

இனி ஆசி. போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு நடந்ததன் மிகப் பழைய தடயங்கள் செபங்களே. 1554இல் லிஸ்பனில் தமிழும் போர்த்துகீசியமும் சேர்ந்த செபப் புத்தகம் ஒன்று ரோமன் எழுத்தில் அச்சானது. 1578இல் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைத்த பாதிரியாரின் முயற்சியில், தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. இறைவனைக் குறிக்கச் சைவ மடங்களிலும் புழங்கும் ‘தம்பிரான்’ என்ற சொல்லை அவர்கள் அன்று எடுத்துக்கொண்டார்கள். கடவுளுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்ற அதே கேள்வி இந்தச் சின்ன வாழ்த்திலும் வந்து நிற்கிறது.

‘கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக’ என்று எழுதினால் அது நல்ல தமிழ்தான், ஆனால் கிறித்தவத் தமிழ். பெறுபவர் நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ ஒரு கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் அதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை. ‘ஆண்டவர்’ என்றால் கத்தோலிக்கர் என்றும் ‘கர்த்தர்’ என்றால் சீர்திருத்தச் சபையினர் என்றும் அடையாளமே தெரிந்துவிடும். இங்கே எழுதியவர் கத்தோலிக்கர். பெறுபவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் சொல் ‘ஆண்டவன்’. ரகரம் போய் னகரம் வந்ததும் சொல் தேவாலயத்தைவிட்டு வெளியே வந்து எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. ‘ஆண்டவன் புண்ணியத்துல’ என்று வீட்டில் யாரும் சொல்வார்கள்.

வினை வடிவத்தையும் பார்க்க வேண்டும். போர்த்துகீசியத்தில் ‘கி’ என்று தொடங்கி, விருப்பத்தைக் காட்டும் ஒரு தனி வினைவடிவத்தில் வாழ்த்துவார்கள். நமக்கும் வியங்கோள் உண்டு: வாழ்க, வளர்க, அருள்க. மேடைக்கும் சுவரொட்டிக்கும் அது பொருந்தும். வீட்டில் ஒருவரை ஒருவர் வாழ்த்தும்போது நாம் வியங்கோளைப் பயன்படுத்துவதே இல்லை. ‘நல்லா இருக்கணும்’ என்போம். வேண்டும் என்ற வினையின் தேய்ந்த வடிவமான அந்த ‘ணும்’ கட்டளையாகவும் இருக்கலாம், ஆசையாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் அது முழுக்க ஆசை.

இன்னொரு வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் நிறைய வேண்டும் என்று கேட்கிறார்கள்: நிறைய ஆரோக்கியம், நிறைய அமைதி. நாம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்: நோய்நொடி இல்லாமல், குறை இல்லாமல், கண் படாமல். ‘உனக்கு நிறைய ஆரோக்கியம் கிடைக்கட்டும்’ என்று சொன்னால் மருந்து விளம்பரம் போலக் கேட்கும். அதே விருப்பத்தை ‘எந்த நோய்நொடியும் அண்டாம, மனசுல ஒரு குறையும் இல்லாம’ என்று எதிர்மறையில் சொன்னால் பாட்டி வாயிலிருந்து வந்தது போல இருக்கும்.

இப்போது எல்லாரும் எதிர்பார்க்கும் சொல்லுக்கு வருகிறேன். பிரேசில் உச்சரிப்பில் ‘சவுதாஜி’. மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. கவிதைகளில், ஃபாடூ இசையில் அதற்குப் பெரிய வாழ்க்கை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாழ்த்தில் அது அன்றாடச் சொல்லாக வருகிறது. ‘எனக்கு உன் சவுதாஜியாக இருக்கிறது’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஏக்கம், பிரிவாற்றாமை என்று போட்டால் சங்கப் பாடலின் பாலைத்திணைக்குப் போய்விடுவோம். ஆங்கிலத்தை ஒட்டி ‘மிஸ் பண்றேன்’ என்று இன்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த அம்மாவுக்கு அது வெறும் ஓசை.

நம்மிடம் ஓர் எளிய வினை இருக்கிறது. ஊருக்குப் போன அம்மாவை நினைத்துக் குழந்தை சிணுங்கினால் ‘பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது’ என்போம். விடுதியில் இருக்கும் பையன் ‘வீட்டைத் தேடுது’ என்பான். தேடுகிறவன் எழுவாயாக வரவில்லை, பாருங்கள். ‘அவனுக்குத் தேடுது’. பசிக்குது, குளிருது என்பது போல அது அவனுக்கு நேர்கிறது, அவன் செய்வதில்லை. போர்த்துகீசிய வாக்கியமும் கிட்டத்தட்ட இதே அமைப்புத்தான். ‘நான் சவுதாஜியோடு இருக்கிறேன்’ என்று, காய்ச்சலோடு இருப்பதைச் சொல்லும் அதே அச்சில் சொல்வார்கள். ஆகவே ‘எனக்கு உன்னைத் தேடுதுடி’. இந்தச் சொல் கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

‘கஃபெஸீஞு’வைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மினாஸ் ஜெராய்ஸ் பிரேசிலிலேயே மிக அதிகமாகக் காப்பி விளையும் மாநிலம். அங்கே வீட்டுக்கு வந்தவருக்குச் சின்னக் கோப்பையில் இனிப்பான கடுங்காப்பி கொடுப்பார்கள். ‘ஒரு கஃபெஸீஞு குடியுங்கள்’ என்பதில் காப்பியின் அளவைவிட, உட்காருங்கள், கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள் என்பதே பெரிது. ‘குட்டிக் காப்பி’ அதைச் சொல்லாது. ‘காப்பித் தண்ணி குடிச்சுட்டுப் போலாம், உக்காரு’ என்று நம் வீடுகளில் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் ‘தண்ணி’ தண்ணீரைக் குறிப்பதில்லை. கொடுப்பதைச் சிறிதாக்கிச் சொல்லி, வந்தவரை உட்கார வைக்கும் சொல் அது. ‘ஸீஞு’ செய்யும் வேலையைத் தமிழில் ஒரே ஒரு பெயர்ச்சொல்லோடு அப்படியே செய்ய முடிந்த இடம் இது மட்டும்தான்.

‘ச்சி ஆமு’, உன்னை நேசிக்கிறேன். பிரேசிலில் இதைத் தாய்க்கும் சொல்வார்கள், தோழிக்கும் சொல்வார்கள். போர்ச்சுக்கலில் இது பெரும்பாலும் காதலர்க்கும் குடும்பத்தினருக்கும் ஒதுங்கிவிட்டது. தோழிக்கு ‘அதோரு-த்’ என்பார்கள். ஆகவே ஒரே வாக்கியம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதன் சூட்டை அளக்க முடியாது. தமிழில் காதலிக்கிறேன், நேசிக்கிறேன் என்று தன்மை வினையில் அன்பைச் சொல்வது எழுத்துப் பழக்கம். வாய்ப்பேச்சில் அன்பு பெயர்ப்பயனிலையாக வரும்: ‘நீன்னா எனக்கு உசுரு’. ‘அளவுக்கு மீறி’ என்று தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. உசுருக்கு மேல் ஏது அளவு?

கடைசியில் ‘ஆயிரம் பெய்ஜீஞு’. முத்தம் என்ற சொல்லை நாற்பது வயதுப் பெண் தன் தோழியின் வாழ்த்தில், அதுவும் அம்மா கேட்கும்படி, படிப்பது நம் வீட்டில் கூச்சம் தரும். ‘அன்புடன்’ என்று போட்டால் கூச்சம் போய்விடும், கூடவே வாழ்த்தின் உயிரும் போய்விடும். குழந்தைக்குக் கொடுப்பது முத்தம் அல்ல, உம்மா. இஸ்லாமிய வீடுகளில் அந்தச் சொல் தாயைக் குறிக்கும் என்பதால் அங்கே பொருந்தாது. பொள்ளாச்சி வீட்டில் பொருந்தும். ‘இஞு’ சேர்ந்த முத்தமும் குழந்தைக்குக் கொடுப்பது போன்றதுதான்.

இரண்டு சிறு இடங்கள். ‘வியு’ என்றால் சொல்லளவில் ‘பார்த்தாயா’. பேச்சில் அது ‘சரியா’ என்று வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் சொல். கொங்கில் ‘செரியா?’. ‘இன்று உன் நாள், நன்றாக அனுபவி’ என்ற இரண்டையும் ‘பொறந்தநாளும் அதுவுமா’ என்ற தொடரில் சேர்த்தேன். அந்தத் தொடருக்குப் பின்னால் நம் ஊரில் எப்போதும் ஒரு தடை வரும்: அழாதே, சண்டை போடாதே, வேலை செய்யாதே. அனுபவி என்று சொல்வதைவிட வேலை பார்க்காதே என்பதில்தான் தோழியின் குரல் கேட்கிறது.

இப்படி வந்து சேர்ந்தது:

“பொறந்தநாள் வாழ்த்துகள் கண்ணு! எந்த நோய்நொடியும் அண்டாம, மனசுல ஒரு குறையும் இல்லாம, ஆண்டவன் புண்ணியத்துல நீ எப்பவும் நல்லா இருக்கணும். உன்னை ஃப்ரெண்டுன்னு மட்டும் சொல்ல வாய் வரலைடி. நானாப் பாத்துச் சேத்துக்கிட்ட கூடப்பொறப்பு நீ. எனக்கு உன்னை அப்படித் தேடுது. நாம காப்பித் தண்ணி குடிச்சுக்கிட்டே பேசுனது, நீ விழுந்து விழுந்து சிரிச்சது, எல்லாத்தையும் தேடுது. பொறந்தநாளும் அதுவுமா எந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்காத. சந்தோஷமா இரு, செரியா? நீன்னா எனக்கு உசுருடி. உனக்கு ஆயிரம் உம்மா. நேர்ல பாக்கறப்ப இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்கறேன்.”

மூலத்தில் இருந்த ‘பூ’ இதில் இல்லை. இரண்டாவது விளியை நான் வேண்டுமென்றே விட்டேன். தமிழில் ஒரு விளி போதும்; பிறகு வரும் ‘டி’கள் அந்த வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. ‘கட்டிப் புடிச்சுக்கறேன்’ என்று எதிர்காலத்தைச் சேர்த்ததும் என் முடிவுதான். எட்டாத தூரத்திலிருந்து அணைப்பை ஒரு பெயர்ச்சொல்லாக அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆங்கிலச் சொல்லான ‘ஃப்ரெண்டு’ ஏன் என்று கேட்பீர்கள். ‘தோழி’ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ‘சிநேகிதி’யை அந்த அம்மாவின் தலைமுறை இன்னும் சொல்கிறது, மகளின் தலைமுறை சொல்வதில்லை. எழுதுகிறவர் மகளின் தலைமுறை.

இது சரியாக வந்திருக்கிறதா என்று அறிய நான் கையாளும் வழி ஒன்று உண்டு. போர்த்துகீசியமே தெரியாத ஒருவரிடம், யார் எழுதியது என்று சொல்லாமல் உரக்கப் படித்துக் காட்டுவேன். எழுதியவர் ஆணா பெண்ணா, என்ன வயது, இருவருக்கும் என்ன உறவு என்று கேட்பேன். சொல்லுக்குச் சொல் வைத்த பட்டியலைக் கேட்டால் காதலன் என்பார்கள், அல்லது மதபோதகர் என்பார்கள். இதைக் கேட்டவர் “ஒரே ரூம்ல இருந்த புள்ளைங்களா?” என்றார்.

இதே வாழ்த்தை ஓர் ஆண் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்த்துகீசியத்தில் ஆண் நண்பர்கள் தங்களுக்குள் ‘அப்ராஸு’, அணைப்பு, என்று கடிதத்தை முடிப்பார்கள். பெண்ணுக்கு எழுதும்போது அதே ஆள் ‘பெய்ஜீஞு’ என்று முடிப்பார். அங்கே அது மரியாதை. கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்லும் நாட்டில் கையெழுத்துக்கு முன் வரும் ஒரு சடங்கு. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் சக ஊழியர் அனுப்பிய ‘பெய்ஜீஞு’வுக்குத் தமிழ் ‘அன்புடன்’தான். ‘கெரிதா’, அன்பானவளே, என்று அவர் அழைத்திருந்தால் பெயரோடு ஒரு ‘மா’ சேர்த்தால் போதும். உசுரும் உம்மாவும் டியும் போய்விடும். ‘நல்லா இருக்கணும்’, ‘நோய்நொடி இல்லாம’, ‘தேடுது’ மூன்றும் நிற்கும். தேடுவது மட்டும் அப்போது உன்னையாக இருக்காது: ‘நீங்கள்லாம் இங்க இருந்த நாளைத் தேடுது’ என்று எழுதுவேன்.